ஞாயிற்றுக்கிழமை ஆள் போதவில்லை, செவ்வாய்க்கிழமை ஆள் சும்மா நிற்கிறார்கள்

கேள்வி: சார், தஞ்சாவூரில் அசைவ உணவகம் நடத்துகிறேன். காலை 11 முதல் இரவு 11 வரை. சப்ளையர் 8 பேர், மாதம் 15,000 ரூபாய், சாப்பாடும் தங்க ரூமும் உண்டு. எல்லாரும் 11 மணிக்கு வந்து 11 மணிக்குப் போகிறார்கள், நடுவில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் லீவு, யார் எப்போது கேட்கிறார்களோ அப்போது. வார நாளில் பாதிப் பேர் செல்போனோடு நிற்கிறார்கள், ஞாயிறு இரவு ஆள் போதாமல் வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். இன்னும் இரண்டு பேரை எடுக்கவா? கூட்டம் இல்லாத நாளில் சிலரை வர வேண்டாம் என்று சொல்லி அந்த நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா? பில்லிங் மெஷின் ரிப்போர்ட் நாலு வாரத்துக்கு இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டுமே வேண்டாம். புதிதாக இரண்டு பேரை எடுத்தால் அவர்களும் செவ்வாய்க்கிழமை செல்போனோடுதான் நிற்பார்கள். மாதச் சம்பளக்காரரை நாள் கணக்கில் பிடித்தால், நல்ல சப்ளையர் யாரோ அவர்தான் முதலில் அடுத்த தெரு ஹோட்டலுக்குப் போவார், உங்களிடம் மிஞ்சுவது வேறு இடம் கிடைக்காதவர்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். உங்களுக்கு ஆள் குறைவும் இல்லை, பெரிதாக ஆள் அதிகமும் இல்லை. எட்டுப் பேரும் ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குப் போவதுதான் சிக்கல், அதோடு லீவு ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால் ஞாயிறு இரவும் சமாளிக்கலாம், வார நாள் வெட்டி நேரமும் குறையும்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், ஆறு நாள் என்றால் ஆளுக்கு வாரம் 60 மணி நேரம். சட்டப்படி 48தான், அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நிறைய ஹோட்டலில் இப்படித்தான் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், ஆனால் வருகிற அட்டவணையை 48-க்குள்தான் போடப் போகிறேன், ஏனென்றால் ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு உங்கள் சப்ளையர் டேபிளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார் என்றால் அதற்குப் பாதிக் காரணம் அவர் காலை 11 மணியிலிருந்து நிற்பதுதான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். மணிவாரி பில் எண்ணிக்கையை எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது, மூன்று இடத்தில் ஏமாற்றும். பில் அடிப்பது சாப்பிட்டு முடித்த பிறகு. ஒன்பது மணிக்கு விழுந்த பில்லுக்கான வேலை எட்டேகால் வாக்கில் தண்ணீர் வைத்து ஆர்டர் எடுக்கும்போதே தொடங்கிவிட்டது, அதனால் எண்களை எல்லாம் முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். உங்கள் மெஷினில் கே.ஓ.டி., அதாவது சமையல்கட்டுக்குப் போகும் ஆர்டர் சீட்டு, போட்ட நேரத்தை வைத்து ரிப்போர்ட் எடுக்க முடிந்தால் இன்னும் சுலபம். அடுத்தது, பார்சலும் ஸ்விக்கி, ஜொமேட்டோ ஆர்டரும் அதே எண்ணிக்கையில் கலந்து கிடக்கின்றன. அவை சமையல்கட்டுக்கும் பார்சல் கவுண்டருக்கும் வேலை, சப்ளையருக்கு இல்லை, அதனால் கழித்துவிட்டேன். மூன்றாவதுதான் முக்கியம்: திரும்பிப் போனவருக்கு பில் கிடையாது. ஞாயிறு இரவு மணிக்கு 22 பில் என்று மெஷின் சொல்கிறது, ஆனால் உண்மையில் வந்தவர்கள் அதைவிட அதிகம். கல்லாவில் இருப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாசல் வரை வந்து திரும்பிப் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இப்போதைக்கு மணிக்கு ஐந்து குடும்பம் என்று வைத்துக்கொண்டு 27 என்று கணக்குப் போடுகிறேன், நோட்டில் வேறு எண் வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலு வாரத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். சராசரிக்கு ஆள் போட்டால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆள் மிஞ்சும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதாது. நான் நாலு வாரத்தில் இரண்டாவது பெரிய எண்ணை எடுப்பேன். முகூர்த்தமோ பண்டிகையோ விழுந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிற நாள் அதில் தானாக விலகிவிடும், வழக்கமான கூட்டம் மட்டும் நிற்கும்.

இனி பில்லை ஆளாக மாற்ற வேண்டும். உங்கள் ஹோட்டல் மாதிரி இடத்தில் ஒரு சப்ளையர் நாலு டேபிளை ஒழுங்காகப் பார்ப்பார், ஒரு டேபிள் 45, 50 நிமிடம் ஓடும், ஆக ஒருவருக்கு மணிக்கு ஐந்து பில். மதியம் பிரியாணி, சாப்பாடு என்று வந்தவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவதால் ஆறு வரை போகலாம், இரவு குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் பரோட்டா, சுக்கா, அப்புறம் இன்னொரு ஆம்லெட் என்று உட்கார்ந்தால் நாலரைதான் வரும். ஐந்து என்பது நியாயமான நடு எண்.

அதை உங்கள் எண்களில் போட்டுப் பார்த்தேன். திங்கள், புதன், வியாழன், வெள்ளி நாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மதியம் 12 முதல் 3 வரை மணிக்கு 14 பில், அதாவது மூன்று பேர், இரவு 7 முதல் 10 வரை 19 பில், நாலு பேர். செவ்வாய் அசைவம் தொடாதவர்கள் நிறைய என்பதால் மதியம் 9, இரவு 14 என்று இறங்குகிறது, இரண்டும் மூன்றும் போதும். சனி, ஞாயிறு மதியம் 12 முதல் 4 வரை 24 பில், ஐந்து பேர், மாலை ஆறு மணிக்கே ஐந்து பேர் வேண்டும், 7 முதல் 10 வரை ஆறு பேர். எந்த நாளானாலும் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் இருக்கும் மந்தமான நேரத்தில் பில் கணக்குப்படி ஒருவரே போதும், ஆனால் ஒருவரை மட்டும் விடாதீர்கள், அவர் பாத்ரூம் போனால்கூட ஹால் காலி. இரண்டு பேர் நிற்கட்டும். அந்த இரண்டாவது ஆளின் நேரம் வீண் இல்லை, கதவைத் திறந்து வைத்திருப்பதற்கான செலவு அது. திறக்கிற 11 மணிக்கு இரண்டு பேர், கடைசி ஒரு மணி நேரத்துக்கு வார நாளில் இரண்டு பேர், சனி ஞாயிறில் நாலு பேர்.

எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்துக்கு 265 மணி நேர வேலை இருக்கிறது. நீங்கள் இப்போது வாங்குவது எட்டுப் பேர், 60 மணி நேரம், மொத்தம் 480. இவ்வளவு வாங்கியும் ஞாயிறு இரவு ஆள் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு மூன்று பேர் லீவு, மீதி ஐந்து பேர் அந்த நேரத்துக்குள் களைத்துப்போகிறார்கள்.

265 மணி நேரத்துக்கு முழுநேர ஆள் ஆறு பேர் போதும், ஆளுக்கு 48 வீதம் 288 மணி நேரம். கூடவே சனி, ஞாயிறு மாலை 6 முதல் 10 வரை மட்டும் வரும் பகுதிநேர ஆட்கள் இரண்டு பேர், அது வாரம் 16 மணி நேரம். மொத்தம் 304. வேலைக்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய 40 மணி நேரம் இடைவெளி இருக்கிறதே, அதையும் வெட்டலாமா என்று கேட்காதீர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு டூரிஸ்ட் வேன் திடீரென்று வந்து நின்றால், தாங்குவது அந்த 40 மணி நேரம்தான். அதைப் பாதியாக்கிய ஹோட்டல்களில் முதலாளியே தட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஷிப்ட் மூன்று வகை போதும், எல்லாமே எட்டு மணி நேரம். முதல் ஷிப்ட் 11 முதல் இரவு 8 வரை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. கடைசி ஷிப்ட் மதியம் 2 முதல் 11 வரை, இதிலும் ஒரு மணி நேரம் ஓய்வு. மூன்றாவது, பிரித்துப் போடுகிற ஷிப்ட்: மதியக் கூட்டத்துக்கு வந்து வீட்டுக்கோ ரூமுக்கோ போய்விட்டு இரவுக் கூட்டத்துக்குத் திரும்புவது. சாதாரண வார நாளில் ஐந்து பேர்: முதல் ஷிப்டில் ஒருவர், கடைசி ஷிப்டில் இருவர், பிரித்த ஷிப்டில் இருவர், அதில் ஒருவர் 11 முதல் 3, 7 முதல் 11, இன்னொருவர் 12 முதல் மூன்றரை, ஆறரை முதல் 11. இப்போது மணிவாரியாகப் பாருங்கள். 11-க்கு இரண்டு பேர், 12 முதல் மூன்று பேர், 2 மணிக்கு மேல் கடைசி ஷிப்ட் வந்து சேர்கிறது. நாலு மணி வாக்கில் மூன்று பேர், அதில் ஒருவர் ஓய்வில் போனால் ஹாலில் இரண்டு. 7 மணிக்கு ஐந்து, 8 மணிக்கு முதல் ஷிப்ட் கிளம்பினதும் நாலு. எங்கும் தேவைக்குக் கீழே போகவில்லை. செவ்வாய்க்கிழமை பிரித்த ஷிப்டில் ஒருவரைக் குறைத்து நாலு பேரோடு ஓட்டலாம், அன்றைக்கு 11 மணிக்கு வருபவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு எப்படி விழ வேண்டும் என்பது இதிலேயே வந்துவிட்டது. திங்கள், புதன், வியாழன், வெள்ளி தலா ஒருவர், செவ்வாய் இருவர், ஆக ஆறு பேருக்கும் வாரத்தில் ஒரு நாள், அதுவும் முன்கூட்டியே தெரிந்த நாள். சனி, ஞாயிறு ஆறு பேரும் வேலையில். முதல் ஷிப்டில் இருவர், கடைசி ஷிப்டில் ஒருவர், பிரித்த ஷிப்டில் மூவர், அவர்களுக்கு 12 முதல் 4, 7 முதல் 11. மாலை 6 மணிக்குப் பகுதிநேர ஆட்கள் இருவரும் வந்ததும் ஐந்து பேர் ஆகிறது, 7 மணிக்கு எட்டு, முதல் ஷிப்ட் போனதும் 8 முதல் 10 வரை ஆறு, கடைசி ஒரு மணி நேரம் நாலு. ஒரே ஒரு எச்சரிக்கை, முதல் ஷிப்ட்காரர்களை ஞாயிறு 8 மணிக்குக் கட்டாயம் அனுப்பிவிடுங்கள். "கொஞ்சம் இருந்துட்டுப் போ" என்று மூன்று வாரம் சொன்னால் அது பழக்கமாகி, நாலாவது வாரம் பழைய 12 மணி நேர நாள் திரும்பி வந்துவிடும்.

ஆறு பேருக்கும் ஞாயிறு லீவே கிடையாது என்றால் அது நியாயமில்லை, ஊரில் கல்யாணம், கிடா வெட்டு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் ஆளுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று சுழற்சி வைத்துவிடுங்கள், அந்த வாரம் அவருக்கு வார நாள் லீவு இல்லை. ஆறு பேர் என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் லீவில் இருப்பார், அதற்கு மூன்றாவதாக ஒரு பகுதிநேர ஆளைக் கையில் வைத்திருக்க வேண்டும், மதியம் 12 முதல் 4 வரையும் இரவும் அவரைக் கூப்பிடுங்கள். பெயர்களைத் தேதியோடு இப்போதே எழுதி ஒட்டினால் "யாருக்கு முதலில்" என்ற சண்டை வராது.

பிரித்த ஷிப்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அட்டவணை கெட்டால் அங்கேதான் கெடும். முதலாளிக்கு இது லாபம், நடுவில் இருக்கும் மந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஆளுக்கு அந்த மூன்று நாலு மணி நேரம் உண்மையான ஓய்வாக இருந்தால்தான் இது நியாயம். உங்கள் ரூமில் தங்குகிறவர் போய்ப் படுத்துத் தூங்கலாம், சரி. தூரத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாது, ஹோட்டல் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பார், அப்படியென்றால் அவரிடமிருந்து நீங்கள் 11, 12 மணி நேரம் எடுத்துக்கொண்டு எட்டுக்குச் சம்பளம் தருகிறீர்கள். வெளியூர்க்காரரை முதல் ஷிப்டிலும் கடைசி ஷிப்டிலும் போடுங்கள், கடைசி பஸ் போய்விடும் ஊர் என்றால் முதல் ஷிப்ட் மட்டும். வாரத்துக்கு மொத்தம் 15 பிரித்த ஷிப்ட் வருகிறது, ஆறு பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு மூன்று. வெளியூர்க்காரர் இருவர் இருந்தால் மற்ற நால்வருக்கும் நாலு வரும், அவர்களுக்கு நாளுக்கு ஐம்பது ரூபாயாவது தனியாகக் கொடுங்கள். ஒருவருக்கு வாரம் முழுக்கப் பிரித்த ஷிப்ட் போட்டால் இரண்டு மாதத்தில் அவர் நின்றுவிடுவார்.

பகுதிநேர ஆளுக்குக் கல்லூரி மாணவர்கள் நல்ல தேர்வு, 18 வயது முடிந்தவர்களாகப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு 400 ரூபாய், இரவுச் சாப்பாடு, காசை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் முதல் நாளே அவர்களை ஆர்டர் எடுக்க விடாதீர்கள். தண்ணீர் வைப்பது, இலை போடுவது, டேபிள் துடைப்பது, உள்ளேயிருந்து தட்டு கொண்டுவருவது, இவ்வளவுதான். ஆர்டரைப் பழைய ஆள் எடுக்கட்டும். இன்னொரு விஷயம், ஞாயிறு இரவு வாசலில் ஆள் நிற்கும்போது உள்ளே துடைக்காத டேபிள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நாலு டேபிள் எச்சிலோடு கிடந்தால் குறைவது சப்ளையர் இல்லை, க்ளீனர், அந்த நேரத்துக்கு ஒரு க்ளீனர் கூட இருந்தால் திரும்பிப் போகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள். எல்லா டேபிளும் சுத்தமாக, ஆள் உட்கார்ந்து, பரோட்டாவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் கல்லும் மாஸ்டரும்தான் போதவில்லை. அங்கே எத்தனை சப்ளையர் போட்டாலும் எல்லாரும் கல்லுக்கு முன்னால் வரிசையில்தான் நிற்பார்கள், இதைப் பார்க்காமல் ஹாலுக்கு மட்டும் ஆள் சேர்க்காதீர்கள்.

எட்டிலிருந்து ஆறுக்கு எப்படி வருவது? யாரையும் நிறுத்தாதீர்கள். நம் தொழிலில் ஊருக்குப் போனவர் திரும்பி வராமல் போவது வருடத்தில் இரண்டு மூன்று தடவை நடக்கும், அப்போது அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். அதுவரை ஒருவரைப் பார்சல் கவுண்டருக்கு மாற்றலாம், உங்கள் ஆன்லைன் ஆர்டர் எண்ணிக்கைக்கு அங்கே இரவு ஒருவர் தேவைதான். இன்னொருவருக்கு விருப்பம் இருந்தால் பரோட்டா மாஸ்டரோடு நின்று தொழில் பழகட்டும்.

சம்பளத்தைத் தொடாதீர்கள். 60 மணி நேரம் 48 ஆகிறது என்பதற்காக 15,000-ஐ 12,000 ஆக்கினால் இந்த முழு அட்டவணையும் அன்றைக்கே முடிந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: எட்டுப் பேருக்கு 1,20,000 கொடுத்தீர்கள். ஆறு பேருக்கு 90,000, பகுதிநேர ஆட்கள் மூவருக்கும் மாதம் சுமார் 10,500, ஆக 1,00,500. மிஞ்சுகிற 19,500-இல் ஆளுக்கு ஆயிரம் ஏற்றினால்கூட உங்களுக்கு 13,500 நிற்கும், இரண்டு பேரின் சாப்பாட்டுச் செலவு வேறு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஆயிரத்தை ஏற்றிவிடுவேன், சனி ஞாயிறு தவறாமல் வந்தவருக்கு என்று சொல்லியே கொடுப்பேன்.

அட்டவணையை வியாழக்கிழமை மாலைக்குள் அடுத்த திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் எழுதி, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டோ போடுங்கள். இரண்டு பேர் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாளே கல்லாவில் சொல்லி இருவரும் பெயரை அடித்து எழுத வேண்டும். ஞாயிறு முடிந்ததும் திங்கள் காலை பத்து நிமிடம் ஒதுக்கி, போட்ட ஆளையும் விழுந்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று வாரம் தொடர்ந்து ஒரு ஆளுக்கு மணிக்கு மூன்று பில்லுக்குக் கீழே விழுந்தால் அங்கே ஒருவரைக் குறைக்கலாம், ஆறுக்கு மேல் போனால் சேர்க்க வேண்டும். ஒரு வாரத்தை வைத்து எதையும் மாற்றாதீர்கள்.

அசைவ ஹோட்டலுக்கு இந்த எண்கள் வருடம் முழுக்கப் பொருந்தாது, அதையும் இப்போதே குறித்து வையுங்கள். புரட்டாசியில் சனிக்கிழமை உங்கள் செவ்வாய்க்கிழமையைவிடக் கீழே போகும், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் இரண்டு மாதம் வரை கவுச்சி கிடையாது. தை முதல் வாரம், தீபாவளிக்கு மறுநாள், மாதத்தின் முதல் பத்து தேதி, இவை எல்லாம் மேலே போகும். ஊருக்குப் போக நீண்ட லீவு கேட்பவர்களைப் புரட்டாசியில் அனுப்புங்கள், அந்த மாதம் இரண்டு பேர் பத்துப் பத்து நாள் போனாலும் ஹால் தாங்கும். பெயின்ட் அடிப்பது, சேர் பழுது பார்ப்பது எல்லாம் அப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே திங்கள்கிழமை மாற்ற வேண்டாம். இந்த வாரம் லீவு நாட்களை மட்டும் ஞாயிற்றிலிருந்து வார நாளுக்கு நகர்த்துங்கள், கல்லாவில் அந்த நோட்டை வையுங்கள். இரண்டு ஞாயிறு கழித்து ஷிப்ட் நேரங்களை மாற்றலாம். அப்போது திரும்பிப் போனவர்கள் எத்தனை, கே.ஓ.டி. ரிப்போர்ட் கிடைத்ததா, எத்தனை பேர் ரூமில் தங்குகிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள், பெயர் போட்டு அட்டவணையைச் சரிபார்த்துத் தருகிறேன்.